டிரெட்மில்லா, எக்சர்சைஸ் சைக்கிளா: பழுதானால் யார் சரி செய்வார்கள்?

ரொம்ப நாள் இரண்டையும் அலசிவிட்டு கடைசியில் நான் காந்தத் தடை உள்ள எக்சர்சைஸ் சைக்கிளை எடுத்தேன், அதனால் இந்த ஒப்பீடு சைக்கிள் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் குறைந்த இடத்தில் அடங்கும், சத்தம் குறைவு, முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் சுலபம். டிரெட்மில்லில் உடம்பின் முழு எடையும் காலில் இறங்குவதால் எலும்புக்கு நல்லது, நடைப்பயிற்சிதான் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதற்குச் சைக்கிள் மாற்றாகாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் முடிவெடுத்தது வேறு ஒரு விஷயத்தை வைத்து: மூன்று நான்கு வருடம் கழித்து இது நின்றுபோனால் உதிரிபாகம் கிடைக்குமா, கிடைத்தால் அதை யாரால் மாட்ட முடியும்?

முதலில் மோட்டார். டிரெட்மில்லின் மூடியில் பெரிய எழுத்தில் 4 எச்.பி. என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் சில நொடிகளுக்கு மட்டும் மோட்டார் தரக்கூடிய உச்ச சக்தி. நமக்குத் தேவை தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு தரும் என்பது. இதைத் தெரிந்துகொள்ள விற்பவரைக் கேட்க வேண்டாம், முன்பக்க மூடியைக் கழற்றினால் மோட்டார் மேலேயே ஒரு தகடு இருக்கும், அதில் வோல்டும் ஆம்பியரும் இருக்கும். உதாரணமாக 180 வோல்ட், 6 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள், 1080 வாட். ஒரு எச்.பி. என்பது 746 வாட், ஆக உள்ளே போகும் மின்சாரமே ஒன்றரை எச்.பி.யைத் தொடவில்லை, வெப்பமாக வீணாவதைக் கழித்தால் பெல்ட்டுக்கு வந்து சேர்வது ஒன்றேகால் எச்.பி.க்கும் குறைவாக இருக்கலாம். மூடியில் 4 என்று எழுதியிருந்தாலும் உங்கள் கையில் இருப்பது இதுதான்.

இன்னொன்று, மெதுவாக நடப்பவர்களுக்குச் சின்ன மோட்டார் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எடை அதிகமான ஒருவர் மெதுவாக நடப்பது மோட்டாருக்குக் கஷ்டமான வேலை. ஒவ்வொரு அடியும் பெல்ட்டின் மேல் அதிக நேரம் அழுத்தி நிற்கும், மோட்டாரும் குறைந்த வேகத்தில் சுற்றும். பல மாடல்களில் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் அச்சிலேயே இருப்பதால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். வெப்பம் அதிகம், காற்று குறைவு. அதனால் நடப்பதற்குத்தானே என்று மோட்டாரில் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

ஆனால் நல்ல மோட்டார் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் இல்லை. டிரெட்மில்லின் ஆயுள் பெல்ட்டுக்கும் அதன் அடியில் உள்ள பலகைக்கும் நடுவில் இருக்கிறது. நாம் மிதிக்கும்போது பெல்ட்டின் அடிப்பக்கத் துணி அந்தப் பலகையின் மேல் உரசிக்கொண்டே நகர்கிறது. நடுவில் சிலிகோன் ஆயில் படலமாக இருக்கும்வரை உராய்வு குறைவு. அது காய்ந்துபோனால் அதே வேகத்தில் பெல்ட்டை இழுக்க மோட்டார் அதிக மின்னோட்டம் எடுக்க வேண்டும், மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சுருளில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். இதில் மோட்டாருக்கு முன்னாலேயே அடிவாங்குவது அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கண்ட்ரோலர் போர்டு.

என் அண்ணன் வீட்டில் இதைத்தான் பார்த்தேன். அண்ணனும் அண்ணியும் தினமும் மாறி மாறி நடப்பார்கள், வாங்கியதிலிருந்து யாரும் ஆயில் விடவில்லை. முதலில் காலை வைக்கும் ஒவ்வொரு முறையும் பெல்ட் ஒரு கணம் தயங்கி அப்புறம் நகர ஆரம்பித்தது, பெல்ட் தளர்ந்துவிட்டது என்று நினைத்து பின்னால் இருக்கும் ஆலன் போல்ட்டை இறுக்கினார்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது, ஏனென்றால் இறுக்கிய பெல்ட் உருளைகளின் பேரிங்கையும் சேர்த்து இழுக்கும், உராய்வோ அப்படியே இருக்கும். பிறகு லேசாகச் சூட்டு வாடை, நடந்துகொண்டிருக்கும்போதே தானாக நிற்பது, கடைசியில் ஒருநாள் திரையில் வெளிச்சம் வருகிறது, பெல்ட் நகரவில்லை. சர்வீஸ் ஆள் வந்து மோட்டாருக்குத் தனியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தார், நன்றாகச் சுற்றியது. போயிருந்தது போர்டு. அந்த மாடலையே நிறுவனம் நிறுத்திவிட்டதால் போர்டு இல்லை. வேறு போர்டு போட்டால் அது பழைய திரையோடு பேசாது, திரையையும் வேக சென்சாரையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதற்கு ஆகும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று அவரே சொன்னார். மோட்டாருக்கு நீண்ட வாரண்டி இருந்தது, போர்டுக்கு ஒரு வருடம்தான். பழுதாகாத பாகத்துக்குத்தான் வாரண்டி மிச்சம் இருந்தது.

இந்த ஒரு விஷயத்தால்தான் நான் டிரெட்மில்லை விட்டேன். பெல்ட்டை அளவு சொல்லி வெளியில் செய்துகொள்ளலாம், பேரிங்குகள் பெரும்பாலும் பொது அளவு, கார்பன் பிரஷ்கூடத் தேடினால் கிடைக்கும். போர்டு மட்டும் அந்தந்த மாடலுக்கானது. ஆகவே சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. இந்த மாடலின் கண்ட்ரோலர் போர்டுக்குப் பாக எண் என்ன, இப்போது கையிருப்பில் உள்ளதா, தனியாக விற்பார்களா, என்ன விலை என்று வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். நான் விசாரித்த இடங்களில் முதல் கேள்வியிலேயே நிறைய பேர் பேச்சை மோட்டார் வாரண்டிக்குத் திருப்பினார்கள். பாக எண்ணோடு பதில் தருபவரிடம் நம்பி வாங்கலாம்.

சரி, சைக்கிளுக்கு வருவோம். இங்கே மோட்டார் இல்லை, பெடலை மிதிக்கும்போது சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் எடையைச் சொல்லி விற்கிறார்கள். 20 கிலோ, 6 கிலோ என்று கேட்டதும் 20 கிலோதான் நல்லது என்று தோன்றும். எடை மட்டும் கணக்கில்லை. ஃப்ளைவீலில் சேரும் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும் சுழலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். ஒரே விட்டமுள்ள இரண்டு சக்கரங்களை எடுத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்று சுற்றினால் 20 கிலோ சக்கரம் மூன்றரை சுற்று சுற்றுகிறது, 6 கிலோ சக்கரம் எட்டு சுற்று சுற்றுகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முதலாவது 210, இரண்டாவது 480. வேகம் கிட்டத்தட்ட 2.3 மடங்கு, அதன் வர்க்கம் ஐந்துக்கு மேல், ஆக 6 கிலோ சக்கரம் 31 கிலோ சக்கரத்தைப் போல வேலை செய்கிறது. சின்ன விட்டமாக இருந்தால் இந்த அனுகூலம் குறையும், அதனால் காகிதத்தை வைத்து முடிவு செய்யாமல் ஏறி உட்கார்ந்து பாருங்கள். தடையைக் கொஞ்சம் கூட்டி மெதுவாக மிதியுங்கள். பெடல் உச்சியைக் கடக்கும்போது சக்கரம் தடைபட்டுத் தடைபட்டுப் போனால் ஃப்ளைவீல் போதவில்லை என்று அர்த்தம், முழங்காலுக்கு அதுதான் உறுத்தும்.

தடையில் இரண்டு வகை. ஃபெல்ட் அட்டை சக்கரத்தை அழுத்திப் பிடிப்பது ஒன்று, அது தேயும், தூசி கொட்டும், காய்ந்தால் கிறீச்சிடும். காந்தத்தைச் சக்கரத்துக்கு அருகில் கொண்டுபோவது இன்னொன்று. காந்தம் சக்கரத்தைத் தொடுவதே இல்லை, சுழலும் உலோகத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டம்தான் அதைப் பின்னுக்கு இழுக்கிறது, அதனால் அங்கே தேய ஒன்றுமில்லை. சங்கிலிக்குப் பதில் பள்ளம் வைத்த ரப்பர் பெல்ட் உள்ள மாடலாக எடுத்தால் எண்ணெய் விடும் வேலையும் போச்சு. நான் எடுத்தது இப்படிப்பட்டதுதான். திருகித் தடையைக் கூட்டும் சாதாரண கம்பி வகை, தானாகத் தடையை மாற்றும் மின்னணு வகை இல்லை. அந்த வகையில் சின்ன மோட்டாரும் போர்டும் திரும்ப வந்துவிடும், டிரெட்மில்லில் சொன்ன அதே பிரச்சினையும் கூடவே வரும்.

சைக்கிளில் பழுது வராது என்று சொல்லவில்லை. மிதிக்கும்போது டக் டக் என்று ஒரே இடத்தில் சத்தம் வந்தால் பெரும்பாலும் பெடலை நடு அச்சோடு இணைக்கும் கிராங்க் கை தளர்ந்திருக்கும், உடனே இறுக்க வேண்டும், தளர்ந்தபடியே ஓட்டினால் கிராங்க்கின் சதுரத் துளை அகன்று அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. நடு அச்சின் பேரிங் தேய்ந்தால் இரண்டு பெடலையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆட்டம் தெரியும். தடைக் கம்பி நாளாக நாளாக நீளும், கடைசியில் அறுந்தும் போகும். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சாதாரண சைக்கிள் பழுது பார்ப்பவரே பார்த்துவிடுவார், கிராங்க்கும் பெடலும் பேரிங்கும் அவர் தினமும் கையாளும் சாமான்கள். நிறுவனமே நாளைக்கு இல்லாமல் போனாலும் வண்டி ஓடும். திரை கெட்டால்கூட மிதிக்கலாம். டிரெட்மில்லில் போர்டு கெட்டால் எதுவுமே செய்ய முடியாது.

ஓடிப் பயிற்சி செய்பவர்கள் விஷயத்தில் நான் அடித்துப் பேசமாட்டேன், நான் நடப்பவன்தான், ஓடுபவன் இல்லை. அவர்களுக்குச் சைக்கிள் போதாது என்றுதான் நினைக்கிறேன். அப்படி டிரெட்மில்தான் வேண்டும் என்றால் தகட்டுக் கணக்கில் தேறும் மோட்டாரும், விட்டம் பெரிய உருளைகளும், போர்டுக்குப் பாக எண்ணும் உள்ளதாக எடுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மாதம் ஒருமுறை பெல்ட்டின் அடியில் கையை விட்டு நடுப்பலகையைத் தொட்டுப் பாருங்கள். விரலில் வழுவழுப்பு ஒட்டவில்லை என்றால் ஆயில் விட வேண்டும், அதுவும் அந்த மாடலின் கையேடு சொல்லும் சிலிகோன் ஆயில், சமையல் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்ப்ரேயோ விட்டால் பெல்ட் கெட்டுவிடும். நடுவில் பெல்ட்டைத் தூக்கினால் பொதுவாக 5 முதல் 7 செ.மீ. எழும்ப வேண்டும், எழும்பவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம். முன்மூடிக்குள் சேரும் தூசியையும் அவ்வப்போது உறிஞ்சி எடுங்கள், போர்டு சூடாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சைக்கிள் எடுப்பவர்களுக்கு ஒன்று மட்டும். இடது பெடலின் மரை தலைகீழானது, வழக்கமான திசையில் திருப்பிப் பலவந்தமாக ஏற்றினால் கிராங்க்கின் மரை சிதைந்துவிடும். முதலில் விரலாலேயே சில சுற்று ஏற்றிவிட்டு அப்புறம் ஸ்பேனர் போடுங்கள், முதல் வாரம் ஓட்டியதும் இரண்டு பெடலையும் கிராங்க்கையும் இன்னொரு முறை இறுக்குங்கள்.