1.95-ஆ, 6.50-ஆ?

லண்டனில் வேலை பார்க்கும் தம்பி, எது தேவலை என்று கேட்டு, பந்தய நிறுவனம் விலையை உயர்த்தித் தரும் இரண்டு பூஸ்ட் சலுகைகளை அனுப்பியிருந்தான். பிரிக்பீல்ட்ஸில் பசியாறிக்கொண்டே கணக்குப் போட்டேன்.

ஒற்றைப் பூப்பந்து ஆட்டம்: வழக்கமான விலை 1.80, அதாவது ஒரு பவுன் கட்டி ஜெயித்தால் 1.80 பவுன் திரும்பும்; எதிராளிக்கு 2.00. 1/1.80 + 1/2.00 = 1.0556. ஒன்றுக்கு மேல் நிற்பது பந்தய நிறுவனத்தின் இலாபம். 1.80-ஐ 1.0556-ஆல் பெருக்கினால் நியாய விலை 1.90. சலுகை 1.95, தாண்டிவிட்டது.

மூன்று ஆட்டத் தொடர், மூன்றும் ஜெயித்தால்தான் பணம்: ஒவ்வொன்றும் அதே 1.80, பெருக்கினால் 5.83. சலுகை 6.50. உயர்வு என்னவோ இதில்தான் அதிகம். ஆனால் நியாய விலை 1.90 × 1.90 × 1.90 = 6.86. மூன்று முறை இலாபத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறார்கள்.

முதலாவதை எடு என்றேன். பந்தயம் கட்ட உச்சவரம்பு பத்துப் பவுன்தானாம். சராசரி ஆதாயம் 26 பென்ஸ். ஒரு தே தாரேக்குக்கூடக் காணாது. எதிராளியின் விலையைக் காட்டாத சலுகை என்றால், இந்தக் கணக்கையும் போட முடியாது, விட்டுவிடலாம்.