கனத்த இமைக்கு டேப், மை, கர்லர்: மூன்று வருட அனுபவம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் பாலக்காடு டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் ரிசப்ஷனில் உட்காருகிறேன். காலையில் வருகிறவர்களில் யாராவது ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு "கரஞ்ஞோ மோளே?" என்று கேட்பார். அழவில்லை, நன்றாகத் தூங்கித்தான் வந்திருப்பேன். எங்கள் அம்மா வழியில் எல்லோருக்கும் புருவத்துக்குக் கீழே இருக்கும் தோல் இறங்கி, இமையின் மேல் ஒரு மூடி போலப் படிந்திருக்கும். கண்ணைத் திறந்தால் இமைப் பரப்பு கண்ணுக்கே தெரியாது. எனக்கு அது இடது பக்கம் கொஞ்சம் அதிகம். காலையில் வீக்கமும் சேர்ந்துகொள்ளும்.

கண்ணின் வடிவத்தை மாற்ற எனக்கு ஆசை இல்லை. அது பாட்டியின் கண், அம்மாவின் கண். கொஞ்சம் விழித்த மாதிரி தெரிந்தால் போதும் என்றுதான் மூன்று வருடம் முன்பு ஆரம்பித்தேன்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு கண் டாக்டரிடம் காட்டினேன். அதை முதலில் செய்தது நல்லதாகப் போயிற்று. இமை கனமாகத் தெரிய இரண்டு வேறு காரணங்கள் உண்டு என்று அவர்தான் காட்டினார். ஒன்று, மேலே உள்ள தோல் தொங்கி விளிம்பை மறைப்பது. இன்னொன்று, இமையைத் தூக்கும் தசை சரியாக இழுக்காததால் இமை விளிம்பே இறங்கி நிற்பது. அவர் என் புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார், மேலே பார் என்றார். இமை எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பிறகு தொங்கும் தோலை விரலால் மெல்லத் தூக்கினார். அடியில் விளிம்பு சரியான இடத்தில், கருவிழியின் மேல் ஓரத்தை லேசாக மூடியபடி இருந்தது. அப்படியென்றால் எனக்குத் தோல்தான் பிரச்னை, தசை இல்லை. ஒரு கண் மட்டும் திடீரென்று இறங்கினாலோ, சாயங்காலம் ஆக ஆக இறங்கினாலோ, உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ மேக்கப்பைத் தேடாமல் உடனே வா என்றார். முகமும் காலும் சேர்ந்து வீங்கினால் தைராய்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அவை சரியாக இருந்தன.

முதலில் வாங்கியது இமை டேப். வீடியோக்களில் பார்த்தால் ஒரு கீற்றை ஒட்டியதும் கண் பளிச்சென்று திறந்துவிடும். நான் ஐந்து மாதம் விடாமல் ஒட்டினேன். முகம் கழுவி, எண்ணெய், க்ரீம் எதுவும் இல்லாமல் நன்றாகத் துடைத்துவிட்டு, இயற்கையாக மடியும் கோட்டுக்குச் சற்று மேலே, ஒடுக்கமாக வெட்டிய கீற்றை இமை தளர்ந்திருக்கும்போது வைக்க வேண்டும். அகலமாக வெட்டினால் கண்ணைத் திறக்கும்போது டேப் வெளியே எட்டிப் பார்க்கும். கை பழக எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அது ஜனவரி மாதம். கணவாயில் காய்ந்த காற்று அடிக்கும் நேரம் என்பதால் டேப் சாயங்காலம் வரை நின்றது. மார்ச் வந்ததும் கதை மாறிவிட்டது. எங்கள் பஸ்ஸில் நின்றபடி வந்தாலே வியர்த்து ஊற்றும். பத்தரை மணிக்கெல்லாம் ஓரம் பிரிந்து, இமைக்கும் முடிக்கும் நடுவே குத்த ஆரம்பிக்கும். அதை டோக்கன் கொடுத்துக்கொண்டே விரலால் அழுத்திக்கொண்டிருப்பேன்.

அதைவிடப் பெரிய தொல்லை இரண்டு. டேப் போட்டால் கண் முழுசாக மூடாது. சிமிட்டும்போது ஒரு கீற்று திறந்தே இருக்கும், சாயங்காலம் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். அப்புறம், அவசரத்தில் காய்ந்த டேப்பைச் சட்டென்று உரித்ததில் இமைத் தோல் சிவந்து செதில் செதிலாக உதிர்ந்தது. உடம்பிலேயே மெல்லிய தோல் அங்கேதான். எண்ணெய் தொட்ட பஞ்சை அரை நிமிடம் வைத்திருந்து எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். போதாக்குறைக்கு டேப் புதிதாக ஒரு மடிப்பை உண்டாக்குகிறது. போட்டோவில் பார்த்தால் அது என் கண்ணாகவே இல்லை. கல்யாணம், காதுகுத்து என்று மூன்று மணி நேரத்துக்கு வேண்டுமானால் சரி. தினசரிக்கு நான் விட்டுவிட்டேன்.

அடுத்தது மை. எங்கள் ஊரில் தமிழ் வீட்டுக்கும் மலையாள வீட்டுக்கும் பொதுவான ஒன்று இது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கீழ் இமையின் உள் விளிம்பில் கண்மை தீட்டாமல் வெளியே போனதில்லை. பாட்டி இன்றும் "மை எழுதாத முகம் காய்ச்சல்காரி முகம்" என்பாள். ஆனால் கனத்த இமைக்கு அந்தக் கறுப்புக் கோடுதான் பெரிய எதிரி என்று ஒரு நாள் நானே கண்டேன். வலது கண்ணுக்கு மட்டும் மை வைத்து, ஜன்னல் ஓரம் நின்று ஒரு போட்டோ எடுத்தேன். மை வைத்த கண் சின்னதாகத் தெரிந்தது. மேலே தோல் மறைக்கிறது, கீழே கறுப்பு நெருக்குகிறது, நடுவில் வெள்ளை விழி குறுகிவிடுகிறது. கீழ் விளிம்பை வெறுமையாக விட்ட இடது கண், அதிகம் தொங்கும் கண்ணாக இருந்தும், பெரிதாகத் தெரிந்தது. இதற்குக் காசே செலவில்லை.

மையை முழுசாக விட மனம் வரவில்லை, மேலே கொண்டு போனேன். ஆரம்பத்தில் மேல் இமையின் உள் விளிம்பில் தீட்டினேன். நான்கு மாதத்தில் இரண்டு முறை கண்கட்டி வந்தது. அந்த விளிம்பில் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன, மை அங்கே போய் அடைக்கலாம் என்றார் டாக்டர். இப்போது உள் விளிம்பைத் தொடுவதில்லை. கூரான பென்சிலால் முடிகளுக்கு நடுவே, வெளிப்பக்கமாக, புள்ளி புள்ளியாக வைக்கிறேன். கோடாக இழுப்பதில்லை. தடித்த கோடு, கண் திறந்ததும் மடிப்புக்குள் போய் மறைந்துவிடும், பத்து நிமிடத்தில் மேல் தோலில் அச்சாகவும் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று வருடத்தில் உண்மையாகவே வேலை செய்தது லாஷ் கர்லர். தொங்கும் தோல் முடியின் மேல் உட்கார்ந்து அதைக் கீழே தள்ளுகிறது. முடி கீழே சாய்ந்து கருவிழியின் மேல் நிழல் விழுவதால்தான் பாதித் தூக்கம் போலத் தெரிகிறது. முடியை நிமிர்த்திவிட்டால் அந்த நிழல் போய்விடும். ஆனால் சாதாரணமாகக் கர்லர் போடுகிற மாதிரி போட்டால் தோல் சிக்கி உயிர் போகும் வலி வரும். எனக்கு இரண்டு தடவை சிக்கியிருக்கிறது. இப்போது கண்ணாடியைத் தாடைக்குக் கீழே பிடித்து, முகத்தை நிமிர்த்திக் கண்ணால் கீழே பார்ப்பேன். இடது கை விரலால் புருவ எலும்போடு சேர்த்துத் தோலைக் கொஞ்சம் மேலே ஒதுக்கிப் பிடித்தால் முடியின் அடி தெளிவாகத் தெரியும். அடியில் மெதுவாக ஐந்து எண்ணும் வரை, நடுவில் ஒரு தடவை, நுனியில் லேசாக ஒரு தடவை. ஒரே இடத்தில் அழுத்தினால் முடி வளையாமல் ஒடிந்த மாதிரி நிற்கும். மஸ்காரா போட்ட பிறகு கர்லர் தொடவே கூடாது, முடி ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிடும். உள்ளே இருக்கும் ரப்பரில் பள்ளம் விழுந்தால் மாற்றிவிட வேண்டும்.

மஸ்காராவில் டியூபிங் வகைதான் எனக்குச் சரிப்பட்டது. அது முடியைச் சுற்றி உறை போலப் படியும், தோல் எண்ணெயில் கரையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தால் தானாகக் கழன்று வரும், தேய்க்க வேண்டியதில்லை. சாதாரண வகை மத்தியானத்துக்குள் புருவத்துக்குக் கீழே கறுப்புக் கறையாகிவிடும்.

ஐ ஷேடோவைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: கண்ணைத் திறந்து, கண்ணாடியை நேராகப் பார்த்தபடி போடுங்கள். மூடிக்கொண்டு மடிப்பில் போட்டால் திறந்ததும் எல்லாம் உள்ளே போய்விடும். என் தோல் நிறத்தைவிட ஒரு படி அடர்ந்த, மினுக்கு இல்லாத பழுப்பு நிறத்தை, தோல் தொங்கும் மேட்டின் மேல், வெளி ஓரத்தில் தொடங்கி நடு வரை லேசாகத் தேய்க்கிறேன். இருட்டு நிறம் மேட்டை உள்வாங்க வைக்கும். வீங்கிய இமையில் மினுக்கு போட்டால் வெளிச்சம் பட்டு இன்னும் புடைத்துத் தெரியும். இடது கண்ணில் அந்த நிறத்தை வலதைவிட ஒரு அரிசி அகலம் மேலே ஏற்றுகிறேன். இரண்டையும் ஒரே உயரத்தில் போட்டால் இடது இன்னும் இறங்கித் தெரிகிறது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

காலை வீக்கத்துக்கு இவை எதுவும் உதவாது. படுத்திருக்கும்போது தளர்ந்த இமைத் தோலில் நீர் தேங்குகிறது. எழுந்து நடமாடினால், கண் சிமிட்டச் சிமிட்ட, ஒரு மணி நேரத்தில் வடியும். எனக்கு அந்த ஒரு மணி நேரம் கிடையாது, எட்டு மணி பஸ். அதனால் தலையணையை இரண்டாக்கினேன். எழுந்ததும் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த கைக்குட்டையை, பல் துலக்குவதற்கு முன்னால், பத்து நிமிடம் கண்மேல் வைக்கிறேன். ஐஸ் கட்டியை நேராக வைத்துத் தோல் எரிந்ததால் அதை விட்டேன். ராத்திரி கடுமாங்காயும் அப்பளமும் சேர்த்துச் சாப்பிட்ட மறுநாள் வீக்கம் கூடும் என்பதை போட்டோக்களை அடுக்கிப் பார்த்தபோது கவனித்தேன். டிசம்பர், ஜனவரிக் காற்றில் தூசு பட்டுக் கண் அரிக்கும், கசக்கினால் அடுத்த இரண்டு நாள் இமை தடித்தே இருக்கும். அந்த மாதங்களில் டாக்டர் எழுதிக் கொடுத்த அலர்ஜி சொட்டு மருந்து போடுகிறேன்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது எவ்வளவு என்றால், ஒரு மில்லிமீட்டர் இருக்கும். முன்னும் பின்னும் போட்டோவைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். தோல் கண்மணியை மறைத்து, மேலே பார்க்கவே சிரமம் ஆகிறவர்களுக்கு இது போதாது, அது அறுவை சிகிச்சை டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயம். அம்மா அந்த நிலைக்கு வந்திருக்கிறாள். டி.வி. பார்க்கும்போது புருவத்தைத் தூக்கியே வைத்திருப்பாள், ராத்திரி நெற்றி வலிக்கிறது என்பாள். அடுத்த மாதம் அவளை அழைத்துப் போகிறேன்.

நான் இப்போது செய்வது ஈரக் கைக்குட்டை, கர்லர், ஒரு பூச்சு மஸ்காரா, வெள்ளி சனியில் மட்டும் அந்தப் பழுப்பு நிறம். கர்லரும் மஸ்காராவும் சேர்ந்து நான்கு நிமிடம். சித்தூர் தாண்டும்போது பஸ் ஜன்னலில் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.