உடலுறவைத் தொடர்வதா, தொடுதலே போதுமா?

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் யோனிச் சுவர் மெலிந்து உலர்கிறது, உறவின்போது எரிகிறது.

வலி: உடலுறவைத் தொடர்வோருக்கு உயவுக் களிம்பு அந்த நேரத்துக்கு மட்டுமே உதவும், மருத்துவர் தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பலன் தரச் சில வாரங்கள் ஆகும். கைகளாலும் உதடுகளாலும் தொடுவதற்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

விறைப்பு: உடலுறவுக்கு அது வேண்டும், ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் விறைப்புக்கான சில்டெனாபில் மாத்திரையை விழுங்கினால் இரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும். தொடுதலுக்கு விறைப்பு தேவையில்லை. அது இல்லாமலும் ஆணுக்கு உச்சம் வாய்க்கலாம் என்பதைப் பலர் அறிவதில்லை.

முதுகை வருடியதுமே மனைவியின் தோள் இறுகினால், அடுத்து வலிதான் என அவர் உடல் அஞ்சுகிறது. அத்தகையோர் ‘இன்று தொடுதல் மட்டும்’ என முன்பே பேசிக்கொள்வதே பொருந்தும். வறட்சி மட்டுமே தடையென்றால் களிம்போடு தொடரலாம். இரத்தம் கசிந்தால் எதையும் தொடராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.