சுரங்கத்தின் தங்கம்: முன்விற்பனையா, புட் ஆப்ஷனா?

தோண்டாத தங்கம் இன்றைய விலையை எப்படி இறக்கும் என்று சவுகார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மாமா கேட்டார். நல்ல கேள்வி.

ஒரு சுரங்கம் அடுத்த வருடம் எடுக்கப்போகும் 1,00,000 அவுன்சை இன்றே விலை பேசி வங்கிக்கு விற்கிறது என்று வைப்போம். இது முன்விற்பனை. விலை இறங்கினால் நஷ்டப்படாமலிருக்க, அந்த வங்கி மத்திய வங்கியிடம் அதே அளவு தங்கத்தைக் கடன் வாங்கி உடனே சந்தையில் விற்றுவிடும். அந்த வரத்து விலையை அழுத்தும். அடுத்த வருடம் சுரங்கத் தங்கம் கடனை அடைக்கப் போய்விடும், சந்தைக்கு வராது.

புட் ஆப்ஷனில் சுரங்கம் வங்கிக்கு பிரீமியம் கட்டி, குறைந்தபட்ச விலைக்கு விற்கும் உரிமையை மட்டும் வாங்குகிறது. உரிமை விலை சந்தை விலையை ஒட்டியிருந்தால் வங்கி அந்த அளவில் ஏறக்குறைய பாதியைத்தான் கடன் வாங்கி விற்கும். ஆனால் விலை இறங்க இறங்க இன்னும் விற்கும், சரிவு கூடும்.

விலை ஏறினால்தான் பெரிய வித்தியாசம். 1999 செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கிகள் விற்பனைக்கும் கடனுக்கும் வரம்பு வைத்ததும் தங்கம் தாவியது. முன்விற்பனையோடு, குறித்த விலைக்கு வாங்கும் உரிமையான கால் ஆப்ஷன்களையும் பிறருக்கு விற்றிருந்த கானாவின் சுரங்க நிறுவனம் அஷாந்தி, வங்கிகள் ஈடாகக் கேட்ட மார்ஜின் பணத்தைக் கட்ட முடியாமல் தத்தளித்தது. புட் மட்டும் வாங்கியவருக்குப் போவது பிரீமியம்தான். எனக்கு புட்டே மேல்.