கட்டணம் கூடுகிறது என்று சொல்ல எழுதிய இரண்டு மெயில்கள்

மூன்று வருடமாக ஒரே கட்டணத்தில் வேலை கொடுத்துவந்த ஒரு வாடிக்கையாளருக்கு, கட்டணத்தை ஏற்றப்போகிறேன் என்று சொல்ல இரண்டு மெயில் எழுதினேன். ஒன்று ராத்திரி எழுதியது, மற்றது மறுநாள் காலை எழுதியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சொல்லும் விஷயம் ஒன்றுதான். ஆனால் படிப்பவர் கையில் எது மிஞ்சுகிறது என்பது முழுக்க வேறு.

நான் பார்ப்பது பிழைதிருத்த வேலை. மணிக்கணக்கில் கட்டணம், இவருக்கு மாதம் 20 மணி நேரம். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று, பழைய கட்டணம் மணிக்கு 100, புதியது 120 என்று வைத்துக்கொள்கிறேன். எந்த நாட்டுப் பணம் என்பது இங்கே முக்கியமில்லை.

ராத்திரி எழுதியது இது:

> வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்தனை காலமும் என்மீது வைத்திருக்கும் நம்பிக்கைக்கு மனமார்ந்த நன்றி. உங்களுடன் வேலை செய்வது என் பாக்கியம். சமீப காலமாக எல்லாச் செலவும் கூடிவிட்டது. சந்தாக்கள், இணையம், வாடகை என்று எதுவுமே பழைய நிலையில் இல்லை. இதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. வேறு வழியில்லாமல், அடுத்த மாதம் முதல் கட்டணத்தைச் சற்றே உயர்த்தலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்குச் சிரமமாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

காலையில் எழுதியது, மே 2 அன்று அனுப்பியது:

> பொருள்: பிழைதிருத்தக் கட்டணம், ஜூலை 1 முதல்
>
> வணக்கம். ஜூலை 1 முதல் என் கட்டணம் மணிக்கு 100-இலிருந்து 120 ஆகிறது. ஜூன் 30-க்குள் நீங்கள் கோப்பை அனுப்பிவிட்ட வேலைகளுக்கு, அவை ஜூலையில் முடிந்தாலும், பழைய கட்டணம்தான். ஏற்கெனவே தொகை பேசி முடித்த ஆண்டறிக்கைக்கும் மாற்றம் இல்லை. மூன்று வருடத்தில் இதுதான் முதல் உயர்வு.
>
> போன வருட ஆண்டறிக்கையில் கடைசி நேரத்தில் 40 பக்கம் மாறியபோது, கேட்காமலே இரண்டு நாள் கூடுதலாகக் கொடுத்தீர்கள். உங்கள் குழுவின் திருத்தங்கள் எப்போதும் ஒரே பட்டியலாகத்தான் வரும். ஆளுக்கொரு மெயிலாக வந்ததே இல்லை. இந்த வேலையை இவ்வளவு காலம் நிம்மதியாகச் செய்ய முடிந்தது அதனால்தான். நன்றி.
>
> இந்த மாற்றம் உங்கள் பட்ஜெட்டில் இடித்தால் ஜூன் 10-க்குள் சொல்லுங்கள். வேலையில் எதைக் குறைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

முதல் மெயிலில் பணிவு இருக்கிறது, தொகை இல்லை. "சற்றே" என்றால் எவ்வளவு? படிப்பவர் திரும்பக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அவர் பெரும்பாலும் இதைத் தன் மேலதிகாரிக்கோ கணக்குப் பிரிவுக்கோ அப்படியே ஃபார்வர்டு செய்வார். அங்கே இருப்பவருக்கு என் வாடகையும் சங்கடமும் எதற்கு? அவருக்கு வேண்டியது பழைய தொகை, புதிய தொகை, தேதி. அதோடு "உயர்த்தலாம் என்று நினைக்கிறேன்" என்பது அறிவிப்பே இல்லை, யோசனை. யோசனைக்கு "இந்த வருடம் வேண்டாமே" என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். அப்புறம் நான் என்ன செய்வது?

செலவுக் கணக்கை எடுத்து வைப்பதிலும் ஒரு சிக்கல். எனக்குக் கூடிய வாடகை அவருக்கும்தான் கூடியிருக்கும். காரணம் எத்தனை சொல்கிறோமோ, அத்தனைக்கும் மறுப்பு சொல்ல அவருக்கு இடம் கிடைக்கிறது. "மூன்று வருடத்தில் இதுதான் முதல் உயர்வு" என்ற வரிக்கு அந்த ஆபத்து இல்லை. அதை அவரே தன் பழைய இன்வாய்ஸ்களில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி நன்றி. எனக்கு இங்கேதான் அதிக நேரம் பிடித்தது. முதல் மெயிலில் இருக்கும் நன்றியை எந்த வாடிக்கையாளருக்கும் அனுப்பலாம். அதுதான் அதன் குறை. தவிர, அது செய்திக்கு முன்னால் நிற்கிறது. வழக்கமாக இரண்டு வரி எழுதுகிறவன் திடீரென்று பாக்கியம், மனமார்ந்த நன்றி என்று தொடங்கினால், என்னவோ கேட்கப்போகிறான் என்று யாருக்கும் தோன்றும். செய்தி வந்ததும் அந்த நன்றி தூண்டில் புழுவாகிவிடும். செய்தியை முதல் வரியில் சொல்லிவிட்டால், பின்னால் வரும் நன்றிக்கு எந்த வேலையும் இல்லை, நன்றியாக மட்டும் இருக்கலாம். அந்த 40 பக்க விஷயத்தைத் தேடிக் கண்டுபிடிக்க, பழைய மெயில்களை அரை மணி நேரம் புரட்டினேன். அப்படித் தேடியும் எழுத ஒன்றும் கிடைக்காத வாடிக்கையாளர் ஒருவரும் இருந்தார். அவருக்கு "தொடர்ந்து வேலை தருவதற்கு நன்றி" என்று ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டேன். இல்லாததை எழுதினால் அவருக்கே தெரிந்துவிடும்.

முதல் மெயிலுக்கும் ஒரு நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். நெருங்கிப் பழகியவருக்கு இரண்டாவது மெயில் திடுமென்று வந்தால் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். அப்படிப்பட்டவருக்கு மெயிலை இளக்குவதைவிட, முதலில் போனில் சொல்லிவிட்டு அன்றைக்கே இதே மெயிலை அனுப்புவது மேல். எல்லோருக்கும் ஒரே மெயிலை பிசிசி போட்டு அனுப்புவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நன்றிப் பத்தி ஒவ்வொருவருக்கும் வேறாக இருந்தாக வேண்டும். பிசிசியில் அது முடியாது.

அடுத்தது தேதி. "அடுத்த மாதம் முதல்" என்பதில் நான் ஏற்கெனவே ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டேன். வேறொரு வாடிக்கையாளருக்கு மாதத்தின் 28-ஆம் தேதி அப்படி எழுதினேன். அந்த மாதம் தொடங்கிய 14 மணி நேர வேலை ஒன்று அடுத்த மாதம் 6-ஆம் தேதி முடிந்தது. இன்வாய்ஸ் போடும் தேதியைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். வேலை கொடுத்த தேதி என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். இரண்டு பக்கமும் தப்பில்லை, எழுதிய வரிதான் தப்பு. பழைய கட்டணத்தையே வாங்கிக்கொண்டேன். அதைவிட, நாலு மெயில் வாதாடியதுதான் உறுத்தியது.

ஒரு தேதியை மூன்று விதமாகப் படிக்கலாம்: வேலை கைக்கு வந்த நாள், முடித்துக் கொடுத்த நாள், இன்வாய்ஸ் போட்ட நாள். இன்வாய்ஸ் நாள் எழுதுபவருக்குச் சாதகம், ஆனால் வாடிக்கையாளர் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட வேலைக்கு விலையை மாற்றுவதுபோல் ஆகிவிடும். முடித்த நாளை வைத்தால், அவர்கள் பதில் தாமதமாகி வேலை இழுத்தாலும் என்மேல் சந்தேகம் வரும். கைக்கு வந்த நாள்தான் இருவருக்கும் சண்டையில்லாதது. கோப்பு வந்த மெயிலில் தேதி இருக்கிறதே. மாதத் தொகை பேசி ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் கணக்கு வேறு. ஒப்பந்தக் காலம் முடியும் வரை அந்தத் தொகைதான். மாற்றம் புதுப்பிக்கும்போதுதான் வரும், முன்னறிவிப்பு எத்தனை நாள் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான்.

முன்னறிவிப்பு 30 நாளா 60 நாளா என்பதற்கு என் பதில், அவர்கள் செலவுக்கு யார் ஒப்புதல் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. உரிமையாளரே மெயிலைப் படிக்கும் சின்ன இடத்துக்கு 30 நாள் தாராளம். இரண்டு மூன்று பேர் கையெழுத்து வேண்டிய இடத்தில் 30 நாளில் மெயில் பாதி வழியில்தான் இருக்கும். அதனால்தான் இவருக்கு மே 2-லேயே அனுப்பினேன், ஜூலை 1-க்குச் சரியாக 60 நாள். காலம் நீண்டால் ஒரு பின்விளைவும் உண்டு. பழைய கட்டணத்தில் முடித்துவிடலாம் என்று கடைசி வாரத்தில் வேலையைக் குவிப்பார்கள். "கோப்பை அனுப்பிவிட்ட வேலைகள்" என்று எழுதியது அதற்குத்தான். "செப்டம்பரில் ஒரு கையேடு வருகிறது, இப்போதே சொல்லிவைக்கிறேன்" என்பது அந்த வரிக்குள் வராது.

மொத்தமாக ஏற்றாமல் ஜூலையில் 110, ஜனவரியில் 120 என்று இரண்டு படியாக ஏற்றலாமா என்றும் யோசித்தேன். ஆறு மாதத்துக்கு மாதம் 20 மணி, மணிக்கு 10 குறைவு: 1,200 போகும். அது புதிய கட்டணத்தில் அரை மாத வருமானம். பணத்தைவிட, ஆறே மாதத்தில் இன்னொரு முறை விலை ஏறியது என்பதுதான் அவர்கள் நினைவில் நிற்கும் என்று தோன்றியது. உயர்வு 20 சதவீதத்தைத் தாண்டிப் பாதிக்குப் பாதி என்று போனால் படிகள் தேவைப்படலாம். இதற்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அனுப்பும் முன் இன்னொரு கணக்கும் போட்டேன். 100-ஐ 120 ஆக்கினால், மொத்த மணி நேரத்தில் ஆறில் ஒரு பங்கு போனாலும் வருமானம் பழையபடியே இருக்கும். ஒரே அளவு வேலை தரும் ஆறு பேரில் ஒருவர் விலகினால் நஷ்டமில்லை. இரண்டு பேர் விலகினால் அடி. இது தெரிந்த பிறகுதான் "தயங்காமல் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்" என்ற வரியை எடுத்துவிட்டு, "வேலையில் எதைக் குறைக்கலாம்" என்று எழுத தைரியம் வந்தது. முதல் வரி கட்டணத்தைப் பேரத்துக்கு வைக்கிறது. இரண்டாவது, வேலையின் அளவை.

பதில் எட்டு நாள் கழித்து வந்தது. கட்டணம் சரி, ஆனால் மாதத் தொகையைப் பழைய 2,000-க்கு மேல் போகவிட முடியாது என்றார்கள். வாராந்திரச் செய்திமடலுக்கு இரண்டு முறை பார்ப்பதை ஒரு முறையாக்கி, 20 மணியை 16 ஆக்கினோம். 16 மணிக்கு 1,920. மாதம் 80 குறைந்தது, 4 மணி நேரம் கையில் வந்தது. அந்த 4 மணிக்கு 120 கொடுக்க வேறொருவர் கிடைக்க ஆகஸ்ட் ஆகிவிட்டது.