வெற்று ரின்னுக்குத் தீர்வை: பிணைக் களஞ்சியமா, மீளளிப்பா?

கொட்டியாரக்குடா நண்டுச் சதையை ரின்னில் அடைத்து ஏற்றுமதி செய்பவர் 20,000 வெற்று ரின்களை இறக்குமதி செய்கிறார் என்று வைப்போம். ரின்னுக்குத் தீர்வை 30 ரூபாய் என்றால், மொத்தம் 6 இலட்சம். ரின் நண்டோடு மறுபடி வெளிநாடு போவதால், இந்தத் தீர்வைச் சுமையைத் தவிர்க்க இரண்டு வழி: மீளளிப்பு, பிணைக் களஞ்சியம்.

மீளளிப்பில் அந்த 6 இலட்சத்தையும் முதலிலேயே கட்டவேண்டும். ஏற்றுமதியான பிறகு ஆவணங்களைக் காட்டித் திரும்பப் பெறலாம். பணம் ஆறு மாதம் முடங்கினால், 14 வீத ஆண்டு வட்டியில் 42,000 ரூபாய் கைவிட்டுப் போகும்.

பிணைக் களஞ்சியத்தில் தீர்வை கட்டாமலே சரக்கை வைக்கலாம். ஆனால் பிணைப்பத்திரம், வங்கி உத்தரவாதம், சுங்கத்துக்குக் கணக்குக் காட்டும் பதிவேடு எல்லாம் வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் நெளிந்த ரின்களில்தான். 18,800 கப்பலேறி, 500 மிஞ்சி, 700 நெளிந்தால், மீளளிப்பில் 5,64,000 ரூபாய்தான் உறுதி. நெளிந்ததற்கும் கேட்க, சேத வீதம் முன்பே ஏற்கப்பட்டிருக்கவேண்டும். களஞ்சியத்திலோ அந்த 700ஐயும் அதிகாரி முன் எண்ணிக் காட்டாவிட்டால் தீர்வை கேட்பார்கள். நெளிந்ததைக் குப்பையில் போடவே கூடாது! தினமும் எண்ணி, தனிச் சாக்கில் கட்டி வையுங்கள்.

மாதாமாதம் அனுப்புபவருக்கு நான் களஞ்சியத்தையே சொல்வேன். நண்டுப் பருவத்தில் மட்டும் அனுப்புபவருக்கு மீளளிப்பே போதும்.