பிடிஎஃப் பூட்டு: பயனர் கடவுச்சொல்லா, உரிமையாளர் கடவுச்சொல்லா, எத்தனை பிட்?

பிடிஎஃப் கோப்பு ஒன்றைப் பூட்டப் போனால் இரண்டு தெரிவுகள் முன்னால் வரும். எந்தக் கடவுச்சொல்லை வைப்பது என்பது ஒன்று. எத்தனை பிட் குறியாக்கம், அதாவது பூட்டின் திறப்பு எவ்வளவு நீளம் என்பது மற்றது. பலரும் 128 போதுமா, 256 வேண்டுமா என்பதைப் பற்றித்தான் யோசிப்பார்கள். என் கணிப்பில் முதலாவதுதான் பெரிய விசயம். அதில் பிழைத்துவிட்டால் 256 பிட் போட்டும் பயனில்லை.

கல்முனைப் பக்கம் அரிசி ஆலை ஒன்றில் கணக்குப் பார்க்கும் தம்பி ஒருவர், மாதாமாதம் ஊழியர்களின் சம்பளச் சிட்டைகளை பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்புவார். சிட்டையில் அடிப்படைச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதிக் கழிவு, முற்பணம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் இருக்கும். ஊழியர் ஒருவர் வங்கிக் கடனுக்காக அதைப் பிரதி எடுக்கக் கொம்யூனிகேஷன் கடைக்குப் போனார். பிரிண்ட் எடுக்க முடியவில்லை. ஆனால் கோப்பு எதுவும் கேட்காமலே திறந்து, கணக்கு இலக்கம் வரை கடைத் திரையில் தெரிந்தது. "அண்ணன், எல்லாத்துக்கும் 256 போட்டுப் பூட்டித்தானே அனுப்பினன்" என்றார் தம்பி. பூட்டியது உண்மைதான். ஆனால் அவர் வைத்தது உரிமையாளர் கடவுச்சொல்லை மட்டும்.

அடோபியின் அக்ரோபட் மென்பொருளில் இந்த இரண்டும் ஒரே பெட்டிக்குள் மேலும் கீழுமாக வரும். மேலே `Require a password to open the document`, கீழே `Restrict editing and printing of the document`. மேலுள்ளது பயனர் கடவுச்சொல். அதை வைத்துவிட்டால், கடவுச்சொல் எதுவும் கொடுக்காமல் கோப்பு திறக்காது. கீழுள்ளது உரிமையாளர் கடவுச்சொல். அதை வைத்தவர் அச்சிடலாமா, எழுத்தைப் பிரதி செய்யலாமா, பக்கங்களை மாற்றலாமா என்று அனுமதிகளைக் குறித்து வைக்கலாம்.

கீழுள்ளதை மட்டும் வைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் ஆலைக் கதை விளங்கும். கோப்பு உண்மையாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. ஆனால் பயனர் கடவுச்சொல்லின் இடம் வெறுமையாக இருக்கிறது. ஆகவே வெற்றுக் கடவுச்சொல்லே கோப்பைத் திறக்கும் திறப்பாகிவிடுகிறது. பிடிஎஃப் பார்க்கும் எந்த மென்பொருளும் முதலில் அந்த வெறுமையைத்தான் போட்டுப் பார்க்கும், கோப்பு திறந்துவிடும். அதன் பிறகுதான் அனுமதிக் குறிப்பைப் படித்து, "அச்சிடக் கூடாதாம்" என்று அந்தப் பொத்தானை மங்கலாக்கும். அதாவது உள்ளடக்கம் ஏற்கனவே கைக்கு வந்துவிட்டது. தடையை மதிப்பது அந்த மென்பொருளின் நல்ல குணம் மட்டுமே. படலையைத் திறந்து விட்டுவிட்டு "உள்ளே வரவேண்டாம்" என்று பலகை தொங்கவிட்ட மாதிரி. `qpdf` என்ற இலவசக் கருவியில் அந்தப் பலகையைக் கழற்ற ஒரு வரி போதும், கடவுச்சொல் எதுவும் தேவையில்லை:

```
qpdf --decrypt sittai.pdf thirantha.pdf
```

256 பிட் போட்டாலும் 40 பிட் போட்டாலும் இந்த வரி ஒரே மாதிரித்தான் வேலை செய்யும். திறப்பு வெறுமையாக இருக்கும்போது பூட்டின் கனம் கணக்கிலேயே வராது.

அப்படியானால் உரிமையாளர் கடவுச்சொல் வீணா? அப்படிச் சொல்ல மாட்டேன். மட்டக்களப்பில் உயர்தர வகுப்பு எடுக்கும் ஆசிரியர் ஒருவர் தன் டியூட்டை பிடிஎஃப் ஆகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் எல்லோரும் படிக்கத்தான் வேண்டும். யாரும் தற்செயலாகப் பக்கங்களை மாற்றிவிடக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு இது சரி. பிரதி எடுப்பதை நிறுத்தத்தான் வேண்டும் என்றால் இதை நம்பக் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் வாங்கிய மாணவரின் பெயரைப் போட்டுக் கொடுப்பது இதைவிடப் பலன் தரும்.

சம்பளச் சிட்டைக்குப் பயனர் கடவுச்சொல்தான் வேண்டும். இரண்டையும் சேர்த்து வைக்கலாமா என்றால் வைக்கலாம், ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: உரிமையாளர் கடவுச்சொல்லும் கோப்பைத் திறக்கும். பயனர் பக்கம் நீளமான கடவுச்சொல்லை வைத்துவிட்டு உரிமையாளர் பக்கம் `1234` என்று போட்டால், அந்தக் கோப்பின் பலம் `1234`இன் பலம்தான். ஆலையின் எல்லாச் சிட்டைகளுக்கும் ஒரே உரிமையாளர் கடவுச்சொல் என்றால், அது ஒருவருக்குத் தெரிந்தாலே அத்தனை சிட்டைகளும் திறந்துவிடும்.

இப்போது பிட் கணக்குக்கு வரலாம். நடைமுறையில் நான்கு தெரிவுகள்தான். அவற்றில் வரும் ஆர்சி4, ஏஇஎஸ் என்பவை குறியாக்கம் செய்யும் இரண்டு முறைகளின் பெயர்கள். 40 பிட் ஆர்சி4 மிகப் பழையது. அதில் கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பிரயோசனமில்லை, ஏனென்றால் உடைப்பவர் கடவுச்சொல்லை விட்டுவிட்டு 40 பிட் திறப்பையே ஒவ்வொன்றாகத் தேடி முடிக்கலாம். அதைத் தொடவே வேண்டாம். 128 பிட் ஆர்சி4 அக்ரோபட் 5 காலத்தது, 128 பிட் ஏஇஎஸ் அக்ரோபட் 7 காலத்தது. இரண்டிலும் திறப்பைத் தேடி முடிக்க முடியாது. கடவுச்சொல்லை ஊகிப்பதுதான் வழி. பலமான கடவுச்சொல் இருந்தால் 128 பிட் ஏஇஎஸ் இன்றும் தாக்குப்பிடிக்கும். ஆனால் இந்தப் பழைய முறைகள் எல்லாவற்றிலும், பயனர் கடவுச்சொல் உரிமையாளர் கடவுச்சொல்லால் மறைக்கப்பட்டுக் கோப்புக்குள்ளேயே கிடக்கிறது. உரிமையாளர் கடவுச்சொல் தெரிந்தவர் கோப்பைத் திறப்பதோடு நிற்காமல், அந்த ஊழியரின் கடவுச்சொல் எது என்பதையும் வாசித்துவிடலாம். அதையே அவர் மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் நிலைமை என்ன?

256 பிட் ஏஇஎஸ்ஸில் அமைப்பே வேறு. கோப்புக்கென்று எழுந்தமானமாக ஒரு திறப்பு உருவாக்கப்படுகிறது. அது பயனர் கடவுச்சொல்லால் ஒரு முறையும் உரிமையாளர் கடவுச்சொல்லால் ஒரு முறையும் தனித்தனியாக மூடி வைக்கப்படுகிறது. ஒன்றை வைத்து மற்றதை வாசிக்க வழியில்லை.

ஆனால் 256 என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன. 2008இல் அக்ரோபட் 9 கொண்டுவந்த முதல் வடிவத்தில், கடவுச்சொல் சரியா என்று பார்க்கும் கணக்கு மிக இலேசானது. அதனால் உடைப்பவர் ஒரு விநாடியில் முன்னைய 128 பிட் முறையைவிடக் கூடுதலான கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்க முடிந்தது. எண் பெரிது, ஊகிக்கவோ இலகு. அக்ரோபட் எக்ஸில் இது திருத்தப்பட்டது. ஒவ்வொரு ஊகத்துக்கும் குறைந்தது 64 சுற்றுக் கணக்கு என்று பாரமாக்கினார்கள். 2017இல் வந்த பிடிஎஃப் 2.0 தரத்தில் இருப்பதும் இந்த இரண்டாவது வடிவம்தான். உள்ளே இவற்றுக்கு `R = 5`, `R = 6` என்று பெயர். வேண்டியது 6. அக்ரோபட்டில் `Acrobat X and later` என்பதைத் தெரிவுசெய்தால் அது வரும். லிப்ரேஆபிஸின் பழைய பதிப்புகள் 128 பிட் ஆர்சி4தான் போடும் என்பதால், அதில் ஏற்றுமதி செய்தவர்கள் `USERPASS` என்ற இடத்தில் தங்கள் கடவுச்சொல்லைப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது:

```
qpdf --password=USERPASS --show-encryption sittai.pdf
```

வரும் விடையின் தொடக்கத்திலேயே `R` எண் இருக்கும்.

6க்கு ஒரேயொரு விலை உண்டு. பழைய அடோபி ரீடர் 9 இன்னும் ஓடுகிற கணினியில் அது திறக்காது. கடைக் கணினியில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் திறக்கவில்லை என்றால், அதே கோப்பைக் குரோமில் போட்டுப் பாருங்கள். அதற்காக 128க்கு இறங்கவேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

மிஞ்சுவது கடவுச்சொல். நம் நாட்டில் பழகிப்போன வழி, அடையாள அட்டை இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைப்பது. கணக்குப் பார்ப்போம். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500. மீதி நான்கு இலக்கங்களும் ஒரு எழுத்தும்தான். ஆலையில் கூட வேலை செய்பவருக்குப் பிறந்த திகதி தெரியாமலா இருக்கும்? தெரிந்தால் மிஞ்சுவது 10,000 ஊகங்கள், எழுத்து V அல்லது X என்பதால் அதன் இரண்டு மடங்கு. 12 இலக்கப் புதிய அட்டையிலும் ஆண்டும் நாளும் போக ஐந்து இலக்கங்கள், அதாவது 1,00,000 ஊகங்கள். `R = 6`இன் பாரமான கணக்கையும் தாண்டி, சாதாரண மடிக்கணினிக்கே இது சிறிய வேலை. அதைவிட, அடையாள அட்டையின் போட்டோப் பிரதி ஊரில் எத்தனை அலுவலகங்களில் கிடக்கிறது!

தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்ப்பது நல்லது. `kudai-vaavi-neththali-eni` என்கிற மாதிரி. இதையே எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு அகராதியில் தொட்ட சொற்களை எடுங்கள். தமிழ் எழுத்தில் வைக்க 256 பிட் முறை இடம் கொடுக்கிறது, 127 பைட் வரை. ஆனால் 'கொ' போன்ற எழுத்தை ஒரு விசைப்பலகை ஒற்றைக் குறியாகவும் இன்னொன்று இரண்டு துண்டாகவும் அனுப்பக்கூடும். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், கோப்பு திறக்காமல் போகலாம். ஆகவே ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

ஆலைத் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. ஒவ்வொரு ஊழியருக்கும் தனிப் பயனர் கடவுச்சொல், தன்னிடம் மட்டும் நீளமான உரிமையாளர் கடவுச்சொல், அச்சிடுவதற்குத் தடை கிடையாது:

```
qpdf --encrypt USERPASS OWNERPASS 256 -- sittai.pdf puttiyathu.pdf
```

கடவுச்சொல்லை ஊழியருக்கு நேரில் ஒருமுறை சொல்ல வேண்டும். சிட்டை போகும் அதே வட்ஸ்அப் உரையாடலில் அனுப்பினால், போனை எடுத்தவருக்கு இரண்டும் கிடைத்துவிடும். கோப்பின் பெயர் குறியாக்கத்துக்குள் வராது என்பதால் ஊழியரின் பெயரையும் தொகையையும் அதில் எழுதக் கூடாது. கடையில் பிரிண்ட் எடுக்கும்போது பதிவிறக்கத்தில் தங்கும் பிரதி பூட்டோடுதான் இருக்கும். ஆனால் கடைக்காரர் `Save as PDF` கொடுத்து ஒரு பிரதி வைத்தால் அதில் பூட்டு இருக்காது. ஆகவே நேராக அச்சுப்பொறிக்கே அனுப்பச் சொல்ல வேண்டும்.

அனுப்புமுன் ஒரு சோதனை. மேலே சொன்ன `--decrypt` வரியைக் கடவுச்சொல் இல்லாமல் புதிய கோப்பின் மேல் ஓடவிடுங்கள். `invalid password` என்று வந்தால் அனுப்பலாம். சத்தமில்லாமல் புதுக் கோப்பு ஒன்று உருவானால், பயனர் கடவுச்சொல்லின் இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.